36ஆம் வகுப்புத் தமிழ்

ஆங்கில உரைநடையின் கடினத்தை அளக்கும் சூத்திரங்களுள் உலகெங்கும் மிகுதியாகப் புழங்குவது ஃபிளெஷ், கின்கெய்டு ஆகிய இருவர் பெயரால் வழங்கும் சூத்திரம். அமெரிக்கக் கடற்படையினர் தம் பயிற்சிக் கையேடுகளை எந்த வகுப்பு வரை படித்தவர் புரிந்துகொள்வார் என்று அறிவதற்காக 1975இல் அது உருவாக்கப்பட்டது. அதன் கணக்கு எளிது.

```
வகுப்பு = 0.39 × (சொற்கள் ÷ வாக்கியங்கள்) + 11.8 × (அசைகள் ÷ சொற்கள்) − 15.59
```

இங்கே அசை என்பது யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசை அன்று. ஓர் உயிரொலியைச் சுற்றி ஒலிக்கும் துண்டு. 'துணிகள்' என்பதில் மூன்று அசைகள். வாக்கியம் நீண்டால் கடினம், சொல் நீண்டால் கடினம் என்பதே சூத்திரத்தின் சாரம். இதே கருத்து, சூத்திரம் அறியாதோர் மனத்திலும் வேரூன்றியிருக்கிறது. பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுத முனைவோர்க்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, 'சின்னச் சின்னச் சொல்லாக, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள்' என்பதுதான்.

'அம்மா கடைக்குப் போனாள். தம்பி வீட்டில் இருந்தான்.' இவ்விரு வாக்கியங்களையும் சூத்திரத்தில் இட்டுப் பார்க்கலாம். ஆறு சொற்கள், பதினான்கு அசைகள், இரண்டு வாக்கியங்கள். விடை 13. முதல் வகுப்புப் பிள்ளை தடுமாறாமல் படிக்கும் வரிகளுக்குக் கல்லூரி முதலாண்டுத் தகுதி வேண்டும் என்கிறது சூத்திரம். காரணம் வெளிப்படையானது. ஆங்கிலம் தனித்தனிச் சொல்லாக வைப்பதைத் தமிழ் உருபாகவும் விகுதியாகவும் ஒட்டி ஒரே சொல்லாக்குகிறது. 'கடைக்கு' என்பது நீண்ட சொல் அன்று; 'கடை'யும் 'கு'வும் சேர்ந்தது. அச்சேர்க்கையைப் பிள்ளை பள்ளிக்கு வருவதற்கு முன்பே பேச்சில் கற்றுவிடுகிறது.

சூத்திரத்தின் எண்களைத் தமிழுக்கேற்ப மாற்றிக்கொண்டால் போதும் என்று தோன்றலாம். போதாது. ஒரு பாடத்தைக் குறிப்பிட்ட ஒரு வகுப்பறையில் வைத்துப் பார்த்தால்தான் காரணம் விளங்கும்.

மும்பையில் மாநகராட்சிப் பள்ளிகள் தமிழ் உட்பட எட்டு மொழிகளில் நடக்கின்றன. தாராவியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தமிழ்வழி வகுப்புகளில் பயின்றிருக்கிறார்கள்; பயில்கிறார்கள். அத்தகைய நான்காம் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சுத் தமிழ், சந்தில் இந்தி, பள்ளியில் தமிழோடு மராத்தியும் ஆங்கிலமும் பாடங்கள். அப்பிள்ளைகளுக்கு ஆவியாதலை விளக்க, பாடநூல் நடையில் பின்வருமாறு ஒரு பத்தி எழுதப்படுகிறது என்று கொள்வோம்.

'சூரிய வெப்பத்தினால் நீர்நிலைகளின் மேற்பரப்பிலுள்ள நீர் ஆவியாக மாறி வளிமண்டலத்தில் கலக்கும் நிகழ்வு ஆவியாதல் எனப்படும். ஈரத்துணி உலர்வதற்கும் இந்நிகழ்வே காரணமாகும். காற்றின் ஈரப்பதம் மிகுந்திருக்கும்பொழுது ஆவியாதலின் வேகம் குறைவதால் மழைக்காலங்களில் துணிகள் உலர்வதில் தாமதம் ஏற்படுகிறது.'

பிழை ஏதும் இல்லாத பத்தி. 27 சொற்கள், மூன்று வாக்கியங்கள், 110 அசைகள். சூத்திரப்படி இது 36ஆம் வகுப்புக்கு உரியது. 'மிகுந்திருக்கும்பொழுது' என்னும் ஒரு சொல்லை 'மிகுந்து இருக்கும் பொழுது' என மூன்றாகப் பிரித்து எழுதினால் 36 என்பது 33 ஆகிவிடும். பிரித்தெழுதுவதால் கண்ணுக்குச் சற்று வசதி உண்டு என்பது மெய்யே. ஆனால் ஈரப்பதம் என்றால் என்னவென்று அறியாத பிள்ளைக்கு அந்த இரண்டு இடைவெளிகளால் மூன்று வகுப்பு அளவுக்கு எதுவும் விளங்கிவிடப் போவதில்லை. சூத்திரம் எண்ணுவது ஒன்று; பிள்ளை இடறுவது வேறொன்று. அப்பிள்ளை எங்கே இடறுகிறது என்பதை மூன்று இடங்களில் காணலாம்.

முதல் இடம், 'கலக்கும்' என்னும் சொல். செய்யும் என்னும் வாய்பாட்டுச் சொல் தமிழில் இரண்டு வேலை செய்கிறது. 'பால் தண்ணீரில் கலக்கும்' என்றால் அது வினைமுற்று. வாக்கியம் அங்கே முடிந்தது. 'தண்ணீரில் கலக்கும் பால்' என்றால் அது பெயரெச்சம். அடுத்துவரும் பெயருக்காகக் காத்திருக்கிறது. எழுத்தில் இரண்டும் ஒன்றே. பழகிய வாசகர் கண் முன்னே ஓடி அடுத்த சொல்லைப் பார்த்துவிடும். நான்காம் வகுப்புப் பிள்ளையின் கண் ஒவ்வொரு சொல்லாகவே நகர்கிறது. 'நீர் ஆவியாக மாறி வளிமண்டலத்தில் கலக்கும்' என்பது வரை படித்ததும் பொருள் நிறைந்துவிட்டது. எழுவாய் உண்டு, பயனிலை உண்டு. பேச்சிலும் 'கலக்கும்' என்பது முற்றாகவே மிகுதியாகக் கேட்கும் வடிவம். ஆகவே பிள்ளை அங்கே குரலைத் தாழ்த்தி நிறுத்துகிறது. பிறகு 'நிகழ்வு ஆவியாதல் எனப்படும்' என்னும் மூன்று சொற்கள் எதனோடும் ஒட்டாமல் எஞ்சுகின்றன. அவற்றைப் பிள்ளை படித்துவிடும். எதைக் குறிக்கின்றன என்று அதற்குத் தெரியாது.

இதைக் கண்டறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை. பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லிக் குரல் எங்கே விழுகிறது என்று கவனித்தால் போதும். முற்றுப்புள்ளி இல்லாத இடத்தில் குரல் விழுந்தால், எழுதியவர் அமைத்த வாக்கியமும் பிள்ளை கட்டிய வாக்கியமும் வேறாகிவிட்டன என்று பொருள். இங்கே குறை வாக்கியத்தின் நீளத்தில் இல்லை. பன்னிரண்டு சொல் நீளம் தமிழில் பெரிதன்று. பாட்டி சொல்லும் கதையில் 'எழுந்து, குளித்து, சோறு கட்டிக்கொண்டு' என்று வினையெச்சங்கள் அடுக்கி இருபது சொல் வரை ஓடும் வாக்கியத்தைப் பிள்ளை தடையின்றிப் பின்தொடர்கிறது. அங்கே ஒவ்வொரு எச்சமும் ஒரு செயலை முடித்துவைத்துவிட்டு நகர்கிறது. 'நிகழ்வு' என்னும் பெயருக்கு முன் ஒன்பது சொற்கள் நிற்கும்போது, அப்பெயர் வரும்வரை ஒன்பதும் எதற்காக வந்தன என்பது தெரியாமலேயே அவற்றைச் சுமக்க வேண்டியிருக்கிறது. அளக்கப்பட வேண்டியது இந்தக் காத்திருப்பு.

இரண்டாம் இடம், 'உலர்' என்னும் வினை. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளியை ஒரே இடைவெளியாகக் கருதுவது வழக்கம். உண்மையில் அது இரு வகைப்பட்டது. பிள்ளை வீட்டில் 'துணி காயுது' என்கிறது. எழுத்தில் 'துணி காய்கிறது' என்று கண்டால் வேறுபாடு விகுதியில் மட்டுமே இருக்கிறது. அது ஒழுங்கான வேறுபாடு. 'வருது' என்பது 'வருகிறது' ஆவதுபோல, 'போடுது' என்பது 'போடுகிறது' ஆவதுபோல, ஒருமுறை பிடிபட்டால் ஆயிரம் வினைகளுக்கும் பொருந்தும். நான்காம் வகுப்புக்குள் பெரும்பாலான பிள்ளைகள் அதைக் கடந்துவிடுகிறார்கள். 'துணி உலர்கிறது' என்று எழுதினால் மாறியிருப்பது பகுதியே. அதற்கு விதி இல்லை. அந்தச் சொல்லைத் தனியே கற்றால்தான் உண்டு. 'காய்கிறது' என்பதும் குறைவற்ற எழுத்துத் தமிழ்தான். எளிமைப்படுத்துதல் என்றால் கொச்சைப்படுத்துதல் என அஞ்சுவோர் இந்த வேறுபாட்டைக் கருத வேண்டும். விகுதியை எழுத்து வழக்கில் வைத்துக்கொண்டு பகுதியைப் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்துக்கொள்வதில் எந்தக் கொச்சையும் இல்லை.

எந்தப் பகுதி பிள்ளையின் வாயில் இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். 'நீர்நிலை' என்றால் ஏரியும் குளமும் உள்ள ஊரில் ஆசிரியர் சன்னலுக்கு வெளியே கை காட்டிவிடலாம். தாராவிப் பிள்ளை நாள்தோறும் காணும் தண்ணீர் பிளாஸ்டிக் டிரம்மிலும், வாளியிலும், மழை நின்றபின் சந்தில் தேங்கும் குட்டையிலும் இருக்கிறது. மாகிம் கழிமுகம் அருகில்தான் உள்ளது. எனினும் அதிலிருந்து தண்ணீர் மறைவதை ஒரு பிள்ளையும் கண்டதில்லை. கொடியில் கிடக்கும் துணி காய்வதையும், ஜூலை மாதத்தில் பள்ளிச் சீருடை மூன்று நாளாகியும் ஈரமாகவே இருப்பதையும் எல்லாப் பிள்ளைகளும் கண்டிருக்கிறார்கள். ஆகவே விளக்கம் துணியிலிருந்து தொடங்க வேண்டும். மேலே கண்ட பத்தி துணியை இரண்டாவது வாக்கியத்தில் ஓர் எடுத்துக்காட்டாக ஒதுக்கிவிட்டது.

மூன்றாம் இடமே மூன்றிலும் ஆழமானது: 'ஆவி' என்னும் சொல். எந்த அளவுகோலும் இதைக் கடினச் சொல் என்று காட்டாது. இரண்டே எழுத்து, வீட்டில் நாள்தோறும் புழங்கும் சொல். தாராவியில் இட்லி அவித்து விற்பது பல தமிழ்க் குடும்பங்களின் பிழைப்பு. விடியற்காலையில் இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததும் வெள்ளையாகப் பொங்கி எழுவதே அப்பிள்ளைக்கு ஆவி. அது சுடும், கண்ணுக்குத் தெரியும், அடுப்பின்மேல் உண்டாகும். இந்த மூன்றில் ஒன்றும் ஆவியாதலுக்குப் பொருந்தாது. துணியிலிருந்து வெளியேறும் நீராவி கண்ணுக்குப் புலப்படாது, சுடாது, அதற்கு அடுப்பும் கொதிநிலையும் தேவையில்லை. பானையிலிருந்து வெள்ளையாகத் தெரிவது உண்மையில் நீராவியே அன்று. நீராவி வெளிக்காற்றில் குளிர்ந்து மீண்டும் நீராகி மிகச் சிறு துளிகளாய் மிதப்பது. பிள்ளை 'நீர் ஆவியாக மாறி' என்பதைப் படிக்கிறது. ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது. மனத்தில் எழும் படம் மட்டும் தவறு. புரியாத சொல்லுக்குப் பிள்ளை கை தூக்கிக் கேட்கும். புரிந்ததாக நினைத்த சொல்லுக்குக் கேட்பதே இல்லை. அதனால் அறியாத சொல்லினும் அரைகுறையாக அறிந்த சொல் ஆபத்தானது.

இம்மூன்றையும் கருதி அதே கருத்தைப் பின்வருமாறு எழுதலாம்.

'ஈரத் துணியைக் கொடியில் போடுகிறோம். சிறிது நேரத்தில் துணி காய்ந்துவிடுகிறது. துணியில் இருந்த தண்ணீர் எங்கே போனது? அது கண்ணுக்குத் தெரியாத நீராவியாக மாறிக் காற்றில் கலந்துவிட்டது. தண்ணீர் கொதிக்காமலேயே இப்படி நீராவியாக மாறுவதை ஆவியாதல் என்கிறோம். மழைக்காலத்தில் காற்றில் ஏற்கெனவே நிறைய நீராவி இருக்கிறது. அதனால் துணியில் உள்ள தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகிறது. துணி காய நெடுநேரம் ஆகிறது.'

பெயரெச்சங்கள் இதிலும் உண்டு: 'இருந்த', 'தெரியாத', 'உள்ள'. இவை எவையும் வினைமுற்றாக நில்லா. முற்று வேண்டுமானால் 'இருந்தது', 'தெரியாது', 'உள்ளது' என்று வர வேண்டும். ஆகவே குரல் தவறான இடத்தில் விழ வழியில்லை. 'உலர்வதில் தாமதம் ஏற்படுகிறது' என்பதில் காய்தல் என்னும் செயல் பெயருக்குள் ஒளிந்துகொண்டு, 'ஏற்படுகிறது' என்னும் வெற்று வினை முன்னே நிற்கிறது. திருத்திய பத்தியில் துணி காய்கிறது, தண்ணீர் மாறுகிறது, செயல்கள் வினைகளாகவே நிற்கின்றன. 'கொதிக்காமலேயே', 'கண்ணுக்குத் தெரியாத' என்னும் இரண்டும் இட்லிப் பானையின் படத்தை நேரே மறுப்பதற்காக வைக்கப்பட்டவை. வெள்ளை ஆவி பற்றிய விளக்கம் இப்பத்திக்குள் வேண்டாம். அது தனிச் செய்தி. இதைப் பிள்ளை பிடித்துக்கொண்ட பிறகு தனிப் பத்தியாக வரலாம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: 27 சொற்கள் 43 ஆகிவிட்டன. எளிய விளக்கம் நீளும். பாடநூல் எழுதுவோர்க்குப் பக்கக் கணக்கு உண்டு. ஒரு பாடம் இத்தனை பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு கருத்துகளை ஒன்றுக்குள் ஒன்றாகத் திணிக்க வைக்கிறது. திணிப்பதற்குத் தமிழில் மிக வசதியான கருவிகள் பெயரெச்சமும் தொழிற்பெயருமே. பாடநூல் நடை கடினமாவதற்கு எழுதுவோரின் புலமைச் செருக்கே காரணம் எனப் பலர் குறை கூறுகிறார்கள். பெரும்பகுதிக் குற்றம் பக்கக் கணக்கின்மேல் சுமத்தப்பட வேண்டியது. ஒரு வகுப்புக்கு எத்தனை கருத்து என்று முதலில் வரையறுத்துவிட்டு, அவற்றுக்கு வேண்டிய பக்கங்களைப் பிறகு ஒதுக்குவதே முறை. இயலாதென்றால் கருத்தைக் குறைக்கலாம். வாக்கியத்தை இறுக்கக் கூடாது.

எதிர்த்திசையில் ஒரு பிழையும் நேர்கிறது. 'சின்ன வாக்கியம்' என்னும் அறிவுரையை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் கிடைப்பது இது: 'துணி ஈரம். வெயில் படும். தண்ணீர் போகும். துணி காயும். மழைக்காலம். காற்று ஈரம். துணி காயாது.' இதைப் பிள்ளை ஒரு தடையுமின்றிப் படித்துவிடும். 'மழைக்காலத்தில் துணி ஏன் சீக்கிரம் காய்வதில்லை?' என்று கேட்டால் 'வெயில் இல்லை' என்று விடை வரும். பத்தி சொல்வதும் அதைத்தான். காற்றின் ஈரத்துக்கும் துணியின் ஈரத்துக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொல்லும் 'அதனால்', 'ஏற்கெனவே', 'மெதுவாகத்தான்' ஆகியவை வாக்கியங்களைக் குட்டையாக்கும்போது உதிர்ந்துவிட்டன. காரண காரியத்தைச் சொல்லும் சொற்களை எடுத்துவிட்டால் விளக்கம் எளிதாவதில்லை. விளக்கமாக இருப்பதையே நிறுத்திவிடுகிறது. 'துணி காயாது' என்பது உண்மையும் அன்று. வெயிலே இல்லாத அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே துணி காய்வதைப் பிள்ளையே கண்டிருக்கிறது.

இனி, திருத்திய பத்தி அந்த நான்காம் வகுப்புக்குப் பொருந்துகிறதா என்பது எழுதியவர் மேசையில் முடிவாகாது, வகுப்பில்தான் முடிவாகும். 'நான்காம் வகுப்பு' என்னும் பெயர் பிள்ளையின் வயதைச் சொல்கிறது, வாசிப்பைச் சொல்வதில்லை. 2005 முதல் நாடெங்கும் கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்டுவரும் அசர் ஆய்வு, பிள்ளைகளின் வாசிப்பை எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்னும் படிகளில் அளக்கிறது. அதன் உச்சப் படியே இரண்டாம் வகுப்புப் பாடம்தான். அந்த உச்சத்தை எட்டாத பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலும் ஏராளம் என்பதை அவ்வாய்வு தொடர்ந்து காட்டிவந்திருக்கிறது. 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொற்களைப் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 'வீட்டில் இருந்து' என்னும் பொருளை இந்தி 'கர் சே' என இரு சிறு சொற்களாக எழுதும். தமிழ் 'வீட்டிலிருந்து' என ஒரே சொல்லாகவும் எழுதும். இரண்டு மொழிக்கும் ஒரே 60 பொருந்துமா என்பது கேட்க வேண்டிய கேள்வி. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2022இல் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு ஒவ்வொரு மொழிக்கும் தனி அளவுகளை வகுத்தது இதனால்தான்.

வகுப்பில் செய்யக்கூடிய சோதனை எளியது. பத்தியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்: 'ஆவியாதல் என்கிறோம்' வரை ஒரு பாதி, மழைக்காலம் பற்றியது மறுபாதி. நன்றாகப் படிப்பவர், நடுத்தரமாகப் படிப்பவர், தடுமாறுபவர் என மூன்று பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொருவரிடமும் ஒரு பாதியை ஆசிரியரே படித்துக் காட்டி 'என்ன சொல்லியிருக்கிறது?' என்று கேட்க வேண்டும். மறுபாதியைப் பிள்ளையே படித்துவிட்டுச் சொல்ல வேண்டும். ஒரே பாதியை இரு முறையும் பயன்படுத்தினால் முதல் முறை கேட்டது இரண்டாம் முறைக்கு உதவிவிடும். எந்தப் பாதியைக் கேட்பது, எதைப் படிப்பது என்பதைப் பிள்ளைக்குப் பிள்ளை மாற்றிக்கொள்வதும் நல்லது.

கேட்டபோது புரிந்து, படித்தபோது புரியவில்லை எனில், சிக்கல் பத்தியின் மொழியில் இல்லை. எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 20 சொல் படிக்கும் பிள்ளைக்கு 43 சொற்கள் இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். கடைசி வரிக்கு வருமுன் முதல் வரி நினைவிலிருந்து நழுவியிருக்கும். அப்பிள்ளைக்கு இன்னும் எளிய பத்தி எழுதிக்கொண்டே போவது வீண். அறிவியலைக் காதால் கேட்கட்டும். வாசிப்புப் பயிற்சி தனியே நடக்கட்டும். கேட்டபோதும் புரியவில்லை எனில் குறை பத்தியினுடையது. எழுதியவர் திருத்த வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் 'பிள்ளைக்குப் புரியவில்லை' என்று மட்டும் சொல்வதால்தான், வாசிக்கக் கற்பிக்க வேண்டிய இடத்தில் பாடம் நீர்த்துப்போகிறது. பாடத்தைத் திருத்த வேண்டிய இடத்தில் பிள்ளை பழி சுமக்கிறது.

விடையை மதிப்பிடுவதில் ஒரு நெறி கட்டாயம் வேண்டும். பிள்ளை பேச்சுத் தமிழில் சொல்லலாம். நடுவே இந்திச் சொல் கலக்கலாம். 'தண்ணி ஹவாலே போயிருச்சு' என்று சொன்னால் அது சரியான விடை. எழுத்துத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினால் பிள்ளை பத்தியின் வாக்கியத்தை அப்படியே ஒப்புவிக்கும். ஒப்புவித்தல் புரிதலைப்போலவே ஒலிக்கும். இரண்டையும் வேறுபடுத்தப் பத்தியில் இல்லாத ஒன்றைக் கேட்க வேண்டும். 'ஈரத் துணியை டப்பாவுக்குள் போட்டு இறுக்கி மூடிவிட்டால் காயுமா?' என்பது ஒரு கேள்வி. 'கும்பார்வாடாவில் மண்பானையைச் சூளையில் வைக்குமுன் காயவைக்கிறார்களே, மழைக்காலத்தில் அதற்கு ஏன் அதிக நாளாகிறது?' என்பது இன்னொன்று. டப்பாவுக்குள் இருக்கும் காற்றிலும் நீராவி நிறைந்துவிடும் என்பதைத் தன் சொல்லில் எட்டிவிடும் பிள்ளை பத்தியைப் புரிந்துகொண்டது. 'சூரிய வெப்பம் இல்லை' என்று சொல்லும் பிள்ளை இன்னும் பழைய படத்திலேயே நிற்கிறது.

இவ்வளவுக்கும் ஒரு வலுவான மறுப்பு உண்டு. பிள்ளையின் வாயில் உள்ள பகுதிகளையே எழுத்தில் வைத்துக்கொண்டிருந்தால் 'உலர்', 'ஈரப்பதம்', 'வளிமண்டலம்' ஆகியவற்றை அது எப்போதுதான் கற்கும்? மும்பைப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் எழுத்துத் தமிழ் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. பள்ளியும் தாழ்த்திக் கொடுத்தால் அதன் தமிழ் வீட்டுத் தமிழோடு நின்றுவிடாதா? இக்கவலை பொய்யன்று. தமிழ்நாட்டுப் பிள்ளை கடைப் பலகையிலும் நாளிதழிலும் தற்செயலாகக் காணும் சொற்களை மும்பைப் பிள்ளை காண்பதில்லை.

விடை, புதுச் சொல்லை விலக்குவதில் இல்லை; அளவிட்டுத் தருவதில் இருக்கிறது. கற்பிப்பவர் துணையோடு படிக்கத்தக்க பாடத்தில் இருபதுக்கு ஒரு சொல்லுக்கு மேல் பிள்ளைக்கு அந்நியமாக இருக்கக் கூடாது என்பது வாசிப்புக் கல்வியில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. 43 சொல் பத்தியில் அது இரண்டு சொல். 'நீராவி', 'ஆவியாதல்' என்னும் இரண்டும் அந்த ஒதுக்கீட்டை நிரப்பிவிட்டன. முதற் பத்தியில் நீர்நிலை, மேற்பரப்பு, வளிமண்டலம், நிகழ்வு, ஆவியாதல், உலர், ஈரப்பதம் என ஏழு சொற்கள் 27 சொல்லுக்குள் வந்தன, நான்குக்கு ஒன்று. ஏழையும் ஒரே நேரத்தில் கொடுத்ததால் ஏழில் ஒன்றும் நிலைக்கவில்லை. அடுத்த பாடத்தில் 'துணி உலர்கிறது, அதாவது காய்கிறது' என்று 'உலர்' வரலாம். அங்கே சுற்றியுள்ள மற்றச் சொற்களெல்லாம் தெரிந்தவையாக இருப்பதால் அது தானே நிலைக்கும். அதற்கடுத்து, காற்றில் உள்ள நீராவியின் அளவுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று பிள்ளைக்கே தோன்றும் இடத்தில் 'ஈரப்பதம்' வரலாம். பொருள் முன்னே வந்து நிற்க, பெயர் பின்னே வருவது இத்தகைய சொற்களுக்கு உகந்த வரிசை. ஆண்டு முழுவதும் இந்த ஒழுங்கைக் காத்தால் பிள்ளை கற்கும் எழுத்துத் தமிழ்ச் சொற்கள் கூடுமேயன்றிக் குறையா.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஒரு வகுப்பின் பிள்ளைகள் ஒரே நிலையில் இருப்பதில்லை. தாராவி வகுப்புக்குப் பொருந்தும் பத்தி தில்லித் தமிழ்ப் பள்ளிக்கோ, இடுக்கித் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிக்கோ அப்படியே பொருந்தாது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை கொடியில் காயும் துணியோடு பச்சை இலை வாடுவதையும் கண்டிருக்கும். ஒவ்வோர் ஊருக்கும் தனிப் பாடநூல் அச்சிட இயலாது. ஆனால் பாடநூலின் அடிப்படை வாக்கியங்களில் தவறாகக் குரல் விழும் இடங்களை நீக்குவது எல்லா ஊருக்கும் பொதுவாகச் செய்யத்தக்கது. எடுத்துக்காட்டையும் அரைகுறையாக அறிந்த சொற்களையும் ஆசிரியர் தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ள இடம் விட்டு எழுதலாம். மாற்றத்தக்க இடம் எது என்று ஆசிரியர் கையேட்டில் குறித்தும் வைக்கலாம்.

ஆகவே ஒரு தமிழ் விளக்கத்தின் முகப்பில் 'நான்காம் வகுப்புக்குரியது' என்று எழுதப்பட்டிருந்தால், அதை எழுதியவரிடம் கேட்கத்தக்க கேள்விகள் சொல் எத்தனை எழுத்து என்பதும் வாக்கியம் எத்தனை சொல் என்பதும் அல்ல. எந்த ஊரின் நான்காம் வகுப்பு? அங்கே பிள்ளைகள் உரக்கப் படித்தபோது குரல் எங்கே விழுந்தது? கேட்டபோது புரிந்ததா, படித்தபோதா? மூடிய டப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு என்ன விடை வந்தது? இவற்றுக்கு விடை சொல்ல இயலாத முகப்புச் சீட்டைப் பாடநூல் குழுக்கள் ஏற்கக் கூடாது. மூன்று ஊர்களில், ஊருக்கு ஒரு வகுப்பில், வகுப்புக்கு மூன்று பிள்ளைகளிடம் படிக்கக் கொடுத்துப் பார்க்காத பாடம் அச்சுக்குப் போகக் கூடாது என்று ஒரு விதி வகுத்தால், அதற்காகும் செலவு ஒரு பாடத்துக்கு ஒன்பது பிள்ளைகளின் அரை மணி நேரம்.